650 ரூபாய் ஸ்பூலும் 2,400 ரூபாய் ஸ்பூலும்: விட்டம், நிறம், அச்சுத் தரம்

*பெயர் எதுவும் இல்லாத வெள்ளைப் பெட்டியில் 3டி பிரிண்டருக்கான பிஎல்ஏ பிளாஸ்டிக் பிலமென்ட் ஒரு கிலோ 650 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெரிய பிராண்ட் என்றால் 2,400 சொல்கிறார்கள். விட்டம், நிறம், அச்சுத் தரம் மூன்றிலும் அந்த விலைக்கு உண்மையாகவே வித்தியாசம் தெரியுமா? என்னிடம் இருப்பது 0.4 மி.மீ. நாசில் போட்ட சாதாரண 3டி பிரிண்டர்தான்.*

தெரியும், ஆனால் எல்லா வேலையிலும் தெரியாது. சுவரில் மாட்டும் கொக்கி, பெட்டி, ஜிக் மாதிரி வேலைகளில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலும் எது எதில் அடித்தது என்று சொல்ல முடியாது. ஒற்றைச் சுவர் விளக்குக்கூடு, பளபளப்பான உயரமான உருளை, வழவழப்பான பெரிய பக்கங்கள் என்று போனால் கண்ணுக்குத் தெரியும். இன்றைக்கு ஒரு ஸ்பூல், அடுத்த மாதம் இன்னொன்று வாங்கி இரண்டும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்றால் வித்தியாசம் இன்னும் அதிகமாகத் தெரியும். ஏன் என்று விட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அங்கேதான் குழப்பமும் அதிகம்.

மலிவு ஸ்பூலின் லேபிளில் பெரும்பாலும் 1.75 ± 0.05 மி.மீ. என்று இருக்கும். நல்ல பிராண்டில் ± 0.03 அல்லது ± 0.02. பிரிண்டருக்கு விட்டம் தெரியாது. இத்தனை மி.மீ. நீளம் தள்ளு என்று மட்டும்தான், மாடலை லேயர்களாகப் பிரிக்கும் ஸ்லைசர் மென்பொருள் சொல்கிறது. வெளியே வரும் பிளாஸ்டிக்கின் அளவு விட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது. அதனால் 1.80 உள்ள இடத்தில் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுதலாக வரும், 1.70 உள்ள இடத்தில் அதே அளவு குறையும். ± 0.02 என்றால் இந்த ஆட்டம் இரண்டரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

இதைப் படித்ததும் ± 0.05 மோசம், ± 0.02 நல்லது என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அந்த எண் விட்டம் எவ்வளவு தூரம் விலகலாம் என்பதை மட்டும் சொல்கிறது. எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதைச் சொல்வதில்லை. அச்சில் கண்ணுக்குப் படுவது இந்த இரண்டாவது விஷயம்தான்.

ஒரு ஸ்பூல் முழுக்க 1.71 ஆக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரச்சினையே இல்லை. ஸ்லைசரில் பிலமென்ட் அமைப்புக்குள் போய் விட்டத்தை 1.71 என்று மாற்றினால் போதும், அந்த ஸ்பூல் பிராண்ட் ஸ்பூலுக்குச் சமமாகிவிடும். 300 மீட்டரில் மெல்ல மெல்ல 1.73இலிருந்து 1.77க்கு ஏறினாலும் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் பக்கத்துப் பக்கத்து லேயர்களில் மாற்றம் சொற்பம். முப்பது நாற்பது சென்டிமீட்டருக்குள் ஏறி இறங்கினால்தான் வம்பு. அதை எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாது.

எனக்கு நேர்ந்ததைச் சொன்னால் தெளிவாகும். 60 மி.மீ. விட்டமுள்ள ஒரு விளக்குக்கூட்டை, ஒற்றைச் சுவராக நிற்காமல் சுற்றி ஏறும் வேஸ் மோடில், 0.2 மி.மீ. லேயர், 0.45 மி.மீ. அகலக் கோடு என்று வைத்து, பெயரில்லாத ஒரு வெளிர்மஞ்சள் ஸ்பூலில் அடித்தேன். ஜன்னலோரம் வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கீழிருந்து மேல்வரை சீரான பட்டைகள். ஸ்கேலை வைத்து அளந்தால் சுமார் எட்டரை மி.மீ.க்கு ஒன்று. என் பிரிண்டரின் இசட் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. ஏறும் வகை. உடனே ஸ்க்ரூ வளைந்திருக்கிறது என்று முடிவு செய்து, கழற்றி, துடைத்து, கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்து, திரும்ப மாட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது. பட்டை அப்படியே இருந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கூட்டின் சுற்றளவு 188 மி.மீ. அதை 0.45ஆலும் 0.2ஆலும் பெருக்கினால் ஒரு லேயருக்குச் சுமார் 17 கன மி.மீ. பிளாஸ்டிக். 1.75 பிலமென்டின் குறுக்குவெட்டுப் பரப்பு 2.4 சதுர மி.மீ. ஆக, ஒரு லேயர் சாப்பிடுவது வெறும் 7 மி.மீ. நீளப் பிலமென்ட். எட்டரை மி.மீ. உயரம் என்பது 42, 43 லேயர், அதாவது கிட்டத்தட்ட 30 செ.மீ. பிலமென்ட். பிலமென்டே 30 செ.மீ.க்கு ஒருமுறை தடித்து மெலிந்தாலும் இதே பட்டைதான் வரும்!

இரண்டில் எது என்று பிரித்துப் பார்க்க எளிய வழி, அதே ஸ்பூலில் பாதி விட்டத்துக்கு, 30 மி.மீ.க்கு, ஓர் உருளை அடிப்பது. ஸ்க்ரூவில் கோளாறு என்றால் பட்டை இடைவெளி மாறாது, ஏனென்றால் அது உயரத்தை மட்டும் சார்ந்தது. பிலமென்டில் கோளாறு என்றால் ஒரு லேயருக்குப் பாதிப் பிலமென்ட்தான் செலவாகும், அதனால் இடைவெளி இரட்டிப்பாகும். எனக்கு இடைவெளி 17 மி.மீ.க்குப் போனது. பட்டைகள் இன்னும் நீண்டு, கொஞ்சம் மங்கியும் தெரிந்தன. பாவம், ஸ்க்ரூ மேல் ஒரு குற்றமும் இல்லை.

பிறகு அந்த ஸ்பூலில் இரண்டு மீட்டர் வெட்டி, 5 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து மைக்ரோமீட்டரால் அளந்தேன். மிகக் குறைவு 1.71, மிக அதிகம் 1.78, முப்பது செ.மீ. சுற்றில் ஏறி இறங்கியது. அதே மாதிரி ஒரு பெரிய பிராண்ட் ஸ்பூலில் அளந்தபோது 1.74க்கும் 1.76க்கும் நடுவிலேயே நின்றது. இரண்டின் சராசரியும் ஏறக்குறைய 1.75தான், அதனால் சராசரியை மட்டும் பார்த்தால் வித்தியாசமே இல்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1.71, 1.78 இரண்டுமே ± 0.05க்குள் அடங்குகின்றன. லேபிள் பொய் சொல்லவில்லை. 1.71க்கும் 1.78க்கும் இடையே பிளாஸ்டிக் அளவு எட்டு சதவீதம் மாறுகிறது, 0.45 அகலக் கோடு அதனால் 0.035 மி.மீ. அளவுக்கு அகன்று சுருங்குகிறது. ஒரு பக்கத்துக்கு 0.02 மி.மீ. கூட வராது. அளவு பொருத்தம் பார்க்கும் வேலைக்கு இது ஒன்றுமே இல்லை, ஆனால் பளபளப்பான பரப்பில் பக்கவாட்டு வெளிச்சம் இதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது? பிலமென்ட் ஆலையில் உருகிய பிளாஸ்டிக்கை ஒரு திருகு, டை என்ற துளை வழியாகத் தள்ளுகிறது, தண்ணீர்த் தொட்டியில் அது குளிர்கிறது, மறுமுனையில் ஓர் இழுவை இயந்திரம் அதைச் சீராக இழுக்கிறது. விட்டத்தைத் தீர்மானிப்பது தள்ளும் வேகத்துக்கும் இழுக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம். திருகின் அழுத்தம் துடித்தாலோ இழுவை உருளை சீராகச் சுழலாவிட்டாலோ விட்டம் ஆடும். அந்த ஆட்டம் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் ஆலையில் சுழலும் ஏதோ ஒரு பாகத்தின் கைவேலை என்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஆலைகள் வரிசையிலேயே லேசர் அளவி வைத்து, இழுவை வேகத்தை உடனுக்குடன் திருத்துகின்றன, அளவு தாண்டிய ஸ்பூலை ஒதுக்கிவிடுகின்றன. நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இந்த ஒதுக்கலுக்குப் போகிறது. செக் நாட்டின் ப்ரூசா நிறுவனம் 2018இல் கொண்டுவந்த ப்ரூசமென்ட்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்பூலில் உள்ள க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தால் அந்த ஒரு ஸ்பூல் முழுவதன் விட்ட வரைபடம் வந்துவிடும். பிஎல்ஏவுக்கு அவர்கள் சொல்வது ± 0.02.

நீங்களே அளக்கப் போகிறீர்கள் என்றால் கருவியில் கவனம் வேண்டும். நம்மிடம் இருக்கும் சாதாரண டிஜிட்டல் வெர்னியரின் துல்லியமே ± 0.02, 0.03 மி.மீ. அதை வைத்து ± 0.02 என்ற கூற்றைச் சோதிக்க முடியாது. அழுத்தி மூடினால் பிலமென்ட் நசுங்கி இன்னும் குறைத்துக் காட்டும். ராட்செட் உள்ள மைக்ரோமீட்டர் வேண்டும், லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டால் கிடைக்கும். வெர்னியர்தான் இருக்கிறது என்றால், சரியான மதிப்பை விட்டுவிட்டு ஏற்ற இறக்கத்தை மட்டும் பாருங்கள். அதை ஓரளவு காட்டிவிடும்.

ஒவ்வொரு புள்ளியிலும் பிலமென்டைத் தொண்ணூறு டிகிரி திருப்பி இரண்டு முறை அளக்க வேண்டும். மலிவு ஸ்பூல்களில் ஒரு திசையில் 1.70, இன்னொரு திசையில் 1.80 என்று முட்டை வடிவமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இதைக் கண்டு பயப்படுகிறவர்கள் நிறைய. ஆனால் 1.70க்கு 1.80 உள்ள நீள்வட்டத்தின் பரப்பும் 1.75 வட்டத்தின் பரப்பும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆகவே பிளாஸ்டிக் அளவு மாறாது. முட்டை வடிவத்தின் தொல்லை வேறு இடத்தில் வரும். பிலமென்டைத் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் பல்சக்கரம் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் கடிக்கும், குறுகலான டெஃப்லான் குழாயில் உரசலும் கூடும். வழக்கமான குழாயின் உள்விட்டம் 2 மி.மீ. என்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். 1.9 உள்விட்டக் குழாய் போட்டிருந்தால், 1.85க்கு மேல் புடைத்த ஒரே ஓர் இடம் வந்தாலும் பிரிண்ட் நடுவில் நிற்க வாய்ப்புண்டு.

மைக்ரோமீட்டர் கிடைக்காவிட்டால் தராசு இருக்கிறது. சரியாக ஒரு மீட்டர் வெட்டி, 0.01 கிராம் காட்டும் சின்ன தராசில் வையுங்கள். பிஎல்ஏவின் அடர்த்தி 1.24 என்பதால் 1.75 விட்டத்தில் ஒரு மீட்டர் 2.98 கிராம் வர வேண்டும். பத்துப் பதினைந்து துண்டுகளை இப்படி எடை போட்டால் சராசரியும் ஏற்ற இறக்கமும் தெரிந்துவிடும். 30 செ.மீ. மாதிரி குறுகிய ஆட்டத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் துண்டுகளை 5 செ.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள், அதற்கு 0.001 கிராம் தராசு தேவை. எடையில் இன்னொரு லாபமும் உண்டு. விட்டம் 1.75 என்று அளந்தபின் மீட்டர் எடை 3.15 கிராம் வந்தால் அடர்த்தி 1.31 ஆகிறது. அது தனி பிஎல்ஏ இல்லை, சுண்ணாம்பு மாதிரி ஏதோ நிரப்பி கலந்திருக்கிறது. வெள்ளை நிறத்தில் மட்டும் நிறமியே கொஞ்சம் எடை கூட்டும், அதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

சரி, நிறம். என் பட்டறையில் மலிவு ஸ்பூல் அதிகம் தோற்றது விட்டத்தில் இல்லை, இங்கேதான். பிளாஸ்டிக்கில் நிறமி சேர்ப்பது மாஸ்டர்பேட்ச் என்ற செறிவான குருணை வழியாக. அதுதான் விலை கூடிய பொருள், அதனால் அதைக் குறைப்பதுதான் எளிதான சிக்கனம். நிறமி குறைந்தால் நிறம் மாறுவதைவிட மறைக்கும் திறன்தான் முதலில் குறையும். சோதிக்க, 0.4, 0.8, 1.2, 1.6, 2.0 மி.மீ. என்று படிப்படியாகத் தடிமன் ஏறும் ஒரு சின்னத் தட்டை இரண்டிலும் அடித்து, செல்போன் டார்ச்சின் மேல் பிடித்துப் பாருங்கள். என் மஞ்சள்களில் பெரிய பிராண்ட் 0.8க்கே வெளிச்சத்தை நன்றாகத் தடுத்தது. பெயரில்லாதது 1.6 வரை பின்னால் வைத்த விரலின் நிழலைக் காட்டியது. இரண்டு சுவர் போட்டு அடித்த பெட்டியில் இன்ஃபில் என்ற உள்நிரப்புக் கோடுகள் வெளியே தெரிவதும் இதனால்தான். மூன்றாவது, நான்காவது சுவர் போட்டால் மறையும், ஆனால் பிலமென்டும் நேரமும் கூடும். விலை வித்தியாசத்தைக் கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளக்குக்கூட்டுக்கு மட்டும் இந்தக் கசிவே அழகு, அங்கே குறைந்த நிறமி குறையில்லை.

அடுத்தது ஒரு தடவை வாங்கியதற்கும் மறுதடவை வாங்கியதற்கும் உள்ள வேறுபாடு. பெயரில்லாத பெட்டியில் 'சிவப்பு' என்று மட்டும் இருக்கும், எந்தச் சிவப்பு என்று இருக்காது. அந்த மாதம் ஆலைக்கு எந்த மாஸ்டர்பேட்ச் கிடைத்ததோ அது. ஒரு பள்ளிக்காக நாற்பது பெயர்ப் பலகை அடித்தபோது முதல் ஸ்பூல் குங்குமச் சிவப்பாகவும் அதே கடையில் வாங்கிய இரண்டாவது செங்கல் பக்கம் சாய்ந்தும் இருந்தது. பதினேழு பலகையை மறுபடி அடித்தேன். பெரிய பிராண்டிலும் தொகுதிக்குத் தொகுதி சிறு மாற்றம் இருக்கும், ஆனால் தொகுதி எண் ஸ்பூலில் அச்சிட்டிருக்கும், ஒரே எண்ணாகப் பார்த்து வாங்கலாம். சில பிராண்டுகள் பெயிண்ட் கடையில் சொல்வது போல ஆர்ஏஎல் நிற எண்ணும் தருகின்றன.

ஒரே ஸ்பூலுக்குள் நிறம் மாறினால் அவசரப்பட்டு ஸ்பூலைக் குறை சொல்லாதீர்கள். முதலில் பளபளப்பா நிறமா என்று பாருங்கள். பிஎல்ஏ சூடாக, மெதுவாக வந்தால் பளபளக்கும், வேகமாக வந்தால் மங்கலாகும். மாடலின் மேல்பகுதி குறுகும்போது லேயருக்கான குறைந்தபட்ச நேரத்துக்காகப் பிரிண்டர் தானாகவே வேகத்தைக் குறைக்கும், அந்த இடத்தில் திடீரென்று ஒரு பளபளப்புப் பட்டை வரும். ஸ்லைசர் முன்னோட்டத்தில் வேகத்தைக் காட்டும் பார்வைக்குப் போய் அதே உயரத்தில் நிறம் மாறுகிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். உண்மையான நிறமாற்றம் என்றால் பிலமென்டிலேயே தெரியும். ஸ்பூலின் வெளிச்சுற்றையும் அடியில் உள்ள சுற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஆலையில் ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்கு மாறும்போது வரும் கலப்பு நீளத்தை வீசாமல் சுற்றிவிட்டால் இப்படி ஆகும்.

அச்சுத் தரத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை, ஏனென்றால் பலரும் ஒப்பிடுவது முறையில்லாமல்தான். பிராண்ட் ஸ்பூலுக்குச் சரிசெய்த அமைப்பிலேயே மலிவு ஸ்பூலை மாட்டி, நூல் நூலாக வருகிறது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக, உயரத்துக்கு உயரம் நாசில் வெப்பம் 190இலிருந்து 225 டிகிரி வரை மாறும் ஒரு வெப்பக் கோபுரம் அடித்து, பிறகு பிளாஸ்டிக் வரும் அளவான ஃப்ளோவையும் தனியாகச் சரிசெய்துவிட்டு ஒப்பிட வேண்டும். என் மஞ்சள் ஸ்பூலுக்கு 200 டிகிரி பொருந்தியது, பிராண்டுக்கு 212. அடிக்கும்போதே ஃப்ளோவை மாற்றிப் பார்க்க, மார்லின் ஃபர்ம்வேர் உள்ள பிரிண்டருக்கு இந்தக் கட்டளையை அனுப்பினால் போதும்:

```
M221 S97
```

இது 97 சதவீதம் மட்டும் தள்ளச் சொல்கிறது. எது சரியாக வருகிறதோ அதை அப்புறம் ஸ்லைசரில் நிரந்தரமாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஈரத்தையும் கழித்துவிட வேண்டும். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் நல்ல பிராண்டே திறந்து வைத்த இரண்டு வாரத்தில் நாசிலில் பட்பட் என்று பொரிய ஆரம்பிக்கும். மலிவுப் பெட்டியில் பல நேரம் வேக்கம் கவர் ஓட்டையாக இருக்கும், புதிதாகப் பிரித்ததுமே ஈரமாகத்தான் இருக்கும். இரண்டையும் 45இலிருந்து 50 டிகிரிக்குள் ஆறு மணி நேரம் உலர்த்திவிட்டுச் சோதியுங்கள். அதற்கு மேல் சூடு வைத்தால் பிஎல்ஏ இளகிச் சுற்றோடு சுற்று ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் சரிசெய்த பிறகு எனக்கு மிச்சமாக நின்ற வித்தியாசம் ஒன்றுதான், தூசும் துகளும். சல்லடை சரியில்லாத ஆலையில் கருகிய பிளாஸ்டிக் துணுக்கு, பழைய நிறத்தின் துணுக்கு எல்லாம் உள்ளே வந்துவிடும். 0.4 நாசிலில் அடைப்பு வந்தால் உடனே நாசிலை மாற்றாமல் ஒரு கோல்ட் புல் செய்யுங்கள். 210க்குச் சூடாக்கிப் பிலமென்டைக் கையால் கொஞ்சம் தள்ளி, 90க்கு ஆறவிட்டு, ஒரே இழுப்பாக வெளியே எடுங்கள். நுனியில் நாசிலின் உள்வடிவம் அப்படியே அச்சாக வரும், நீலமாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி அதில் ஒட்டியிருக்கும். மஞ்சள் பிலமென்டின் நுனியில் கறுப்புத் துகளைப் பார்த்துவிட்டால் அந்த ஸ்பூலை எட்டு மணி நேர வேலைக்கு மாட்டத் தைரியம் வராது.

உங்கள் 650 ரூபாய் ஸ்பூலை ஒன்றுக்கு மேல் வாங்காதீர்கள். வந்ததும் வெளிச்சுற்றில் இரண்டு மீட்டர் அளந்துவிடுங்கள், 60 மி.மீ. உருளை ஒன்றை வேஸ் மோடில் 80 மி.மீ. உயரத்துக்கு அடித்து ஜன்னலோரம் வைத்துத் திருப்பிப் பாருங்கள். பிலமென்ட் செலவு மூன்று மீட்டருக்குக் கீழே, பத்து கிராம்கூட வராது. பட்டை இல்லையென்றால் அந்தக் கடையில் அதே நாளில் இன்னும் நான்கு ஸ்பூல் வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஒரே தொகுதியாக வர வாய்ப்பு அதிகம். பட்டை இருந்தாலும் வீசாதீர்கள். கொக்கிக்கும் ஜிக்குக்கும் அது தாராளமாகப் போதும். விளக்குக்கூடு கேட்டு வருகிறவருக்கு மட்டும் பெரிய பிராண்ட் ஸ்பூல் ஒன்றைத் தனியாக, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைத்திருங்கள்.